சிஎஸ்ஆர் வழிகாட்டியைப் படித்து பட்ஜெட்டைத் திருத்துவது: மும்பையின் சிறு அறக்கட்டளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கம்பெனியோட கைட்லைன் இருபது பக்கம் இருக்கு. "இந்தச் செலவுக்குத் தரமாட்டோம்"னு எந்தப் பக்கத்தில் பார்க்கணும்?

தகுதியற்ற செலவுகள் என்று ஒரு பட்டியல் எப்படியும் இருக்கும். எல்லோரும் அதைத் தேடிப் படித்துவிட்டு மூடிவைக்கிறார்கள். ஆனால் பட்ஜெட்டில் அடிபடும் தொகையில் பெரும்பகுதி அந்தப் பட்டியலுக்கு வெளியே சொல்லப்பட்ட விதிகளால்தான் போகிறது. அதனால் இன்னும் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, திட்டக் காலம் பற்றிய பத்தி. "ஒப்பந்தம் கையெழுத்தான தேதிக்குப் பிந்தைய செலவு மட்டும்" என்று ஒரே ஒரு வரி அங்கே இருக்கும். அந்த வரி இரண்டு மாதச் சம்பளத்தையே வெட்டிவிடும். இரண்டாவது, அவர்கள் கொடுக்கும் பட்ஜெட் எக்செல் டெம்ப்ளேட். அதில் வாடகைக்கு என்று ஒரு வரி இருந்து டிபாசிட்டுக்கு என்று இல்லையென்றால், பெரும்பாலும் மறந்துபோய் விட்டிருக்க மாட்டார்கள். மூன்றாவது, அறிக்கையும் தணிக்கையும் பற்றிய பகுதி. எந்தச் செலவுக்கு எந்தக் காகிதம் வேண்டும் என்று அங்கேதான் எழுதியிருப்பார்கள். காகிதம் காட்ட முடியாத செலவும் கிடைக்காத செலவுதான். நான்காவது, கடைசியில் இணைப்பாக வரும் மாதிரி ஒப்பந்தம். தேர்வான பிறகு படித்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கும் காகிதம் அது. செலவாகாத பணத்தைத் திருப்பித் தருவது, வாங்கிய பொருள் யார் பெயரில் இருக்க வேண்டும் என்பது, ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு மாற்றலாம் என்பது எல்லாம் அதில்தான் இருக்கும்.

படிக்கும்போது நம் வரைவு பட்ஜெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். பட்ஜெட் எக்செலில் கடைசியாக இரண்டு நெடுவரிசைகள் சேருங்கள்: ஒன்றில் கைட்லைனின் பக்கமும் விதி எண்ணும், இன்னொன்றில் "சரி", "இல்லை", "வரம்பு", "கேட்க வேண்டும்" என்பதில் ஏதாவது ஒன்று. பட்ஜெட்டின் ஒவ்வொரு வரிக்கும் இந்த இரண்டு கட்டமும் நிரம்பியிருக்க வேண்டும். காலியாக நிற்கும் வரிதான் ஆபத்தான வரி.

சட்டமே கூடாதுன்னு சொல்ற செலவு, கம்பெனியா வச்சிருக்கிற விதி, ரெண்டையும் எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

இதைப் பிரித்துப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் இரண்டாவதைப் பற்றிப் பேசலாம், முதலாவதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவும், 2014இல் வந்து 2021 ஜனவரியில் பெரிதாகத் திருத்தப்பட்ட சிஎஸ்ஆர் விதிகளும் சிலவற்றை நேரடியாக விலக்கிவைத்திருக்கின்றன. அரசியல் கட்சிக்குக் கொடுப்பது, கம்பெனியின் சொந்த ஊழியர்களின் நலனுக்கென்று செய்வது, தங்கள் பொருளுக்கு விளம்பரமாகும் ஸ்பான்சர்ஷிப், வேறொரு சட்டப்படி ஏற்கெனவே செய்தாக வேண்டிய கடமை, கம்பெனியின் வழக்கமான தொழில் நடவடிக்கை ஆகியவை அவற்றில் வரும். சிஎஸ்ஆர் மேலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இவற்றுக்குப் பணம் தர அவரால் முடியாது. "உங்கள் ஊழியர்களின் பிள்ளைகளையும் எங்கள் மையத்தில் சேர்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு தனித் தலைப்பு போட்டு வரும் ப்ரொபோசல்களைப் பார்த்திருக்கிறேன். கம்பெனிக்குப் பிடிக்கும் என்று நினைத்துச் சேர்க்கிறார்கள், ஆனால் மதிப்பீடு செய்பவர் முதலில் கைவைப்பது அந்த வரியில்தான்.

டிபாசிட், சாப்பாடு, கணினி, நிர்வாகச் செலவு பற்றிய கட்டுப்பாடுகள் பெரும்பாலும் கம்பெனியின் சொந்தக் கொள்கை. "முன் அனுமதி பெற்றால்" என்ற சொற்கள் பக்கத்தில் இருந்தால் கேட்கலாம், கேட்பதில் தவறே இல்லை. அந்தச் சொற்கள் இல்லாமல் "கூடாது" என்று மட்டும் இருந்தால் அப்படியே ஏற்றுக்கொண்டு பட்ஜெட்டை மாற்றுங்கள்.

ஒரு உண்மையான பட்ஜெட்டை வச்சு காட்ட முடியுமா?

தாராவியில் மூன்று மாலை வகுப்பு மையங்கள் நடத்தும் ஓர் அறக்கட்டளையின் வரைவை எடுத்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம். 90 பிள்ளைகள், 12 மாதம்.

- ஆசிரியர்கள் 6 பேர், மாதம் 9,000: 6,48,000
- ஒருங்கிணைப்பாளர், மாதம் 25,000: 3,00,000
- மூன்று அறை வாடகை, மாதம் தலா 12,000: 4,32,000
- மூன்று அறை டிபாசிட், தலா 50,000: 1,50,000
- புத்தகம், நோட்டு, பிள்ளைக்கு 1,500: 1,35,000
- டேப்லெட் 16, தலா 12,000: 1,92,000
- ஆண்டு விழா: 60,000
- நிர்வாகம் (கணக்காளர் 96,000, அலுவலக வாடகையில் பங்கு 84,000, ஆடிட் 30,000, போன், இணையம் 30,000): 2,40,000
- எதிர்பாராத செலவு: 93,000

மொத்தம் 22,50,000. கடைசி வரியில் 93,000 எப்படி வந்தது என்று கேட்டால், மொத்தத்தை 22,50,000 ஆக்கத்தான். பெரும்பாலான வரைவுகளில் அந்த வரி இப்படித்தான் பிறக்கிறது.

கைட்லைன் சொன்னது இது. திரும்பக் கிடைக்கும் டிபாசிட்டுக்குத் தரமாட்டோம். எதிர்பாராத செலவு, இதர செலவு என்ற தலைப்புகள் கூடாது. விழா, நினைவுப் பரிசு, விருந்து கூடாது. மூலதனப் பொருட்கள் கேட்கும் மொத்தத் தொகையில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நிர்வாகச் செலவு நேரடித் திட்டச் செலவில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கடைசி இரண்டு விதிகளையும் இன்னொரு தடவை படியுங்கள். இரண்டிலும் பத்துதான், ஆனால் எதில் பத்து என்பது வேறு. கணக்கு தடுமாறும் இடம் அதுதான், கீழே வருகிறேன்.

டிபாசிட் இல்லாம மும்பையில யார் அறை தர்றாங்க? அதை ஏன் தரமாட்டேங்கிறாங்க?

டிபாசிட் செலவு இல்லை என்பதுதான் காரணம். அறையைக் காலி செய்யும்போது அந்த 50,000 அறக்கட்டளைக்குத் திரும்பி வரும். கம்பெனியின் கணக்கில் அது பிள்ளைகளுக்காகச் செலவானதாக இருக்கும், ஆனால் பணம் நம் கையில் இருக்கும். நம் ஆடிட்டரும் அதைச் செலவுப் பக்கத்தில் எழுத மாட்டார், இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகத்தான் காட்டுவார். திட்ட முடிவில் கொடுக்கும் பயன்பாட்டுச் சான்றிதழில், அதாவது யூசியில், அந்த 1,50,000 "செலவாகாத தொகை" என்று தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

அதனால் டிபாசிட்டை அறக்கட்டளையின் பொது நிதியிலிருந்து கொடுங்கள். இந்த அறக்கட்டளை அப்படித்தான் செய்தது. பொது நிதியில் அவ்வளவு இல்லையென்றால், இரண்டு மாத வாடகையை மட்டும் டிபாசிட்டாக வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கும் வீட்டுக்காரரைத் தேடுங்கள். அவர் வாடகையைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டால், அக்கம்பக்கத்து வாடகையோடு ஒத்துப்போகும் வரைக்கும் ஒத்துக்கொள்ளலாம். வாடகை அனுமதிக்கப்பட்ட செலவு.

நம் ஊர்ப் பழக்கமான ஹெவி டிபாசிட்டில் மட்டும் இந்த மாதிரித் திட்டத்துக்கு அறை எடுக்காதீர்கள். சில லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமலோ பெயருக்கு ஏதோ கொடுத்தோ இருப்பது குடும்பங்களுக்கு லாபமாக இருக்கலாம். நிதி கேட்கும் அறக்கட்டளைக்கு அது இரண்டு பக்கமும் நஷ்டம். பணம் முடங்கிவிடும், பட்ஜெட்டில் காட்ட வாடகையும் இருக்காது.

அப்புறம் காகிதம். மகாராஷ்டிராவில் லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவும் செய்யப்பட்டிருக்க வேண்டும், 1999ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 55ஆம் பிரிவில் அப்படித்தான் இருக்கிறது. தாராவியில் பல அறைகள் வாய்ப்பேச்சில் ஓடுகின்றன என்பது தெரிந்ததுதான். தணிக்கைப் பகுதியில் "பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம்" என்று கேட்டிருந்தால், அது இல்லாத அறையின் வாடகை முழுதும், இங்கே ஓர் அறைக்கு வருஷத்துக்கு 1,44,000, நம் தலையில் விழும். பட்ஜெட்டில் வாடகை வரியை எழுதும் முன்பே மூன்று வீட்டுக்காரர்களிடமும் பதிவுக்கு வருவீர்களா என்று கேட்டுவிடுங்கள். மாட்டேன் என்பவரின் அறையை வேறு இடத்துக்கு மாற்ற அப்போது நேரம் இருக்கும்.

ஆண்டு விழாவை "சமூக விழிப்புணர்வு நிகழ்ச்சி"ன்னு பேர் மாத்திப் போட்டா?

வேண்டாம். பட்ஜெட்டில் பெயர் மாறும், பில்லில் மாறாது. ஷாமியானா, கேடயம், பிரியாணி என்று கடைக்காரர் எழுதிய பில்கள்தான் ஆடிட்டர் முன்னால் வரும். அந்தச் செலவை அவர் தள்ளுபடி செய்தால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய சேதம், ஒரு வரியில் இப்படிக் கண்டவர் மற்ற எல்லா வரிகளையும் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்குவார். ஒழுங்காகச் செலவு செய்த ஆசிரியர் சம்பளத்துக்கும் கூடுதல் காகிதம் கேட்பார்.

செய்ய வேண்டியது, அந்த 60,000க்குள் என்னென்ன இருக்கிறது என்று பிரிப்பது. பிரித்தபோது 42,000 மேடை, கேடயம், சாப்பாடு. மீதி 18,000, பிள்ளைகளின் படிப்பு எப்படிப் போகிறது என்று பெற்றோரிடம் காட்டும் கூட்டத்துக்கானது. அதை விழாவோடு ஒட்டி வைத்திருந்தார்கள். கூட்டத்தை விழாவிலிருந்து உண்மையிலேயே பிரித்து, ஒவ்வொரு மையத்திலும் வருஷத்துக்கு இரண்டு முறை, ஒரு கூட்டத்துக்கு 3,000 என்று போட்டார்கள். நாற்காலி வாடகை, முன்னேற்ற அட்டை அச்சடிப்பது, மைக் வாடகை. மூன்று மையம், ஆறு கூட்டம், 18,000. இங்கே நடவடிக்கையே மாறியிருக்கிறது, அதனால் பெயர் மாறுவது சரி. விழாவும் நிற்கவில்லை. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் கொடுக்கும் நன்கொடையில் நடக்கும், இந்த பட்ஜெட்டில் வராது.

எதிர்பாராத செலவுக்கு இடமே இல்லைன்னா விலை ஏறினா என்ன பண்றது?

ஒவ்வொரு வரியையும் சரியான விலையில் எழுதுவதுதான் வழி. 93,000 என்ற குவியல் தேவைப்பட்டதே, மற்ற வரிகளில் விலையை உத்தேசமாகப் போட்டதால்தான். டேப்லெட் விலை ஜிஎஸ்டி சேர்த்ததா சேர்க்காததா? ஜிஎஸ்டி பதிவு இல்லாத அறக்கட்டளைக்கு அந்த வரி திரும்பக் கிடைக்காது, ஆகவே அது செலவுதான். வரி சேர்த்த கொட்டேஷனை வாங்கி அந்தத் தொகையை எழுதுங்கள். இந்த வரைவில் 12,000 என்பது வரி சேர்த்த விலை, சரியாக இருந்தது. ஒப்பந்தம் நடுவில் முடிந்து வாடகை ஏறும் என்று தெரிந்தால் "முதல் ஏழு மாதம் இவ்வளவு, அடுத்த ஐந்து மாதம் இவ்வளவு" என்றே போடலாம். காரணத்தோடு எழுதிய உயர்வை யாரும் இதர செலவு என்று சொல்ல மாட்டார்கள்.

நிர்வாகச் செலவு 10 சதவீதம்னா எதுல 10 சதவீதம்? எங்க கணக்கும் அவங்க கணக்கும் ஒத்து வரமாட்டேங்குது.

கைட்லைனில் சதவீதத்தைக் கண்டவுடன் அதற்கு அடுத்து வரும் சொற்களைப் படியுங்கள். "நேரடிச் செலவில்" என்றால் நிர்வாகத்தைச் சேர்க்காத தொகையில் பத்து. "மொத்த மானியத்தில்" என்றால் நிர்வாகத்தையும் சேர்த்த தொகையில் பத்து. நேரடிச் செலவு 17,25,000 என்று வையுங்கள். முதல் வகையில் நிர்வாகத்துக்கு 1,72,500 கிடைக்கும். இரண்டாவது வகையில் 1,91,666 வரை போகலாம். 19,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம்.

இரண்டாவது வகையை எக்செலில் "மொத்தம் பெருக்கல் 10%" என்று போட்டால், மொத்தத்துக்குள்ளேயே நிர்வாகமும் இருப்பதால் சுற்றிச்சுற்றி வரும் கணக்கு என்று எச்சரிக்கை வரும். நேரடிச் செலவு B10 கட்டத்தில் இருந்தால் நிர்வாகத் தொகைக்கு இப்படி எழுதுங்கள்:

```
=ROUNDDOWN(B10/0.9*0.1,0)
```

முழுமையாக்கும்போது கீழ்நோக்கித்தான் செய்ய வேண்டும். ஒரு ரூபாய் கூடினாலும் வரம்பு மீறல்தான்.

நாம் எடுத்துக்கொண்ட கைட்லைன் முதல் வகை. வரைவில் நிர்வாகம் 2,40,000. இதில் எல்லாமே நிர்வாகம்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆடிட் கட்டணம் 30,000இல் 12,000, இந்த ஒரு திட்டத்துக்காகக் கம்பெனி கேட்கும் யூசியை ஆடிட்டர் கொடுப்பதற்கானது. அதை நேரடிச் செலவாகக் காட்டலாம் என்று கைட்லைனின் தணிக்கைப் பகுதியிலேயே எழுதியிருந்தது. தகுதியற்ற செலவுப் பட்டியலை மட்டும் படித்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. மீதி 18,000 அறக்கட்டளையின் வருடாந்திர ஆடிட், அது நிர்வாகம்தான்.

கணக்காளரையும் நேரடிக்கு நகர்த்தலாமா என்று கேட்டார்கள். அவர் அறக்கட்டளையின் எல்லா வேலைக்கும் கணக்கு எழுதுகிறார், எந்தத் திட்டத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற பதிவு எதுவும் இல்லை. பதிவு இல்லாமல் நகர்த்த வேண்டாம் என்று சொன்னேன். அடுத்த வருஷத்துக்காக இப்போதிருந்தே நேரக் குறிப்பு எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஆக நிர்வாகம் 2,28,000.

ஒண்ணை வெட்டினா இன்னொண்ணு வரம்பைத் தாண்டுதே?

ஆமாம், இந்த பட்ஜெட்டிலும் அதுதான் நடந்தது. டேப்லெட் 1,92,000 என்பது வரைவு மொத்தமான 22,50,000இல் எட்டரை சதவீதம்தான். பத்துக்குள் இருக்கிறது என்று அந்த வரிக்கு "சரி" போட்டிருந்தார்கள்.

டிபாசிட், எதிர்பாராத செலவு, விழா எல்லாம் போன பிறகு நேரடிச் செலவைக் கூட்டினால்: ஆசிரியர் 6,48,000, ஒருங்கிணைப்பாளர் 3,00,000, வாடகை 4,32,000, புத்தகம் 1,35,000, டேப்லெட் 1,92,000, பெற்றோர் கூட்டம் 18,000, யூசி கட்டணம் 12,000. மொத்தம் 17,37,000. நிர்வாகம் அதில் பத்து சதவீதம், 1,73,700. கேட்கும் தொகை 19,10,700. இதில் பத்து சதவீதம் 1,91,070. டேப்லெட்டோ 1,92,000. வெறும் 930 ரூபாய் அதிகம். டேப்லெட் வரியை யாருமே தொடவில்லை, அடியிலிருந்த மொத்தம் சுருங்கியதால் அது வரம்பைத் தாண்டிவிட்டது.

930 ரூபாய்க்காகக் கேட்டுப் பார்க்கலாமா என்று தோன்றும். கைட்லைனில் முன் அனுமதி என்ற பேச்சே இல்லாததால் ஒரு டேப்லெட்டைக் குறைத்து 15 ஆக்கினோம். ஒரு மையத்துக்கு ஐந்து என்று பங்கும் சரியாக வந்தது. விலையை 11,900 என்று எழுதிச் சமாளிக்கலாம் என்று ஒரு டிரஸ்டி சொன்னார். கொட்டேஷனில் 12,000 இருக்கும்போது அப்படி எழுதினால் வாங்கும் நாளில் பணம் பற்றாது.

மறுபடி கணக்கு. நேரடி 17,25,000. நிர்வாகம் 1,72,500. கேட்கும் தொகை 18,97,500. அதில் பத்து சதவீதம் 1,89,750, டேப்லெட் 1,80,000. இப்போது எல்லா வரம்புக்குள்ளும் இருக்கிறது. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் எல்லாச் சதவீதங்களையும் புதிதாகப் பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். எக்செலில் ஒவ்வொரு வரம்புக்கும் ஒரு கட்டம் வைத்து, மீறினால் சிவப்பாக மாறும்படி செய்துவைத்தால் இன்னும் நல்லது.

வரைவுக்கும் இதுக்கும் 3,52,500 குறையுதே, அந்தப் பணத்துக்கு எங்க போறது?

அந்தத் தொகை முழுவதையும் நாம் தேட வேண்டியதில்லை. எதிர்பாராத செலவு 93,000 என்பது விலையைச் சரியாக எழுதியதும் தேவையில்லாமல் போனது. டேப்லெட் 12,000 வாங்காத பொருள். டிபாசிட் 1,50,000 செலவாகாமல் பொது நிதியிலிருந்து போய்த் திரும்பி வரும் பணம். விழா 42,000 உள்ளூர் நன்கொடை. உண்மையில் நெருக்கும் பள்ளம், நிர்வாகத்துக்கு ஆகும் 2,28,000க்கும் கிடைக்கும் 1,72,500க்கும் நடுவில் விழும் 55,500 மட்டும்.

இந்த 55,500ஐ "அறக்கட்டளையின் பங்களிப்பு" என்று பட்ஜெட்டில் காட்டலாமா என்பது யோசித்துச் செய்ய வேண்டிய விஷயம். காட்டினால் மதிப்பீட்டில் நல்ல பெயர் கிடைக்கலாம். ஆனால் ஒப்பந்தத்தில் ஏறியபின் அது வாக்குறுதி. வருஷ முடிவில் அந்தச் செலவுக்கும் வவுச்சர் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் அவர்கள் தந்த தொகையிலும் விகிதப்படி பிடிக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. கைட்லைன் பங்களிப்பு கேட்கவில்லையென்றால், கையில் நிச்சயமாக இருக்கும் தொகையை மட்டும் காட்டுங்கள். நன்கொடை வரும் என்ற நம்பிக்கையை அங்கே எழுதாதீர்கள்.

சிஎஸ்ஆர் சட்டப்படி நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான்னு சொல்லி எங்க வரியை வெட்டுறாங்க. சரியா?

விதிகளில் 5 சதவீதம் இருப்பது உண்மை, ஆனால் அது நமக்கானது இல்லை. நிர்வாகச் செலவு என்பதற்கு அந்த விதிகள் கொடுக்கும் விளக்கத்தில், கம்பெனி தன் சிஎஸ்ஆர் பணிகளைப் பொதுவாக நிர்வகிக்கச் செய்யும் செலவு என்றே இருக்கிறது. அந்தச் செலவு கம்பெனியின் அந்த ஆண்டு மொத்த சிஎஸ்ஆர் செலவில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைப்பது, நடத்துவது, கண்காணிப்பது, மதிப்பிடுவது ஆகியவற்றுக்கு நேரடியாக ஆகும் செலவு அந்த விளக்கத்துக்குள் வராது என்றும் அதே இடத்தில் சொல்லியிருக்கிறது.

கம்பெனி தன் கொள்கையாக நமக்கு 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம், அது அவர்கள் உரிமை. கைட்லைனில் அப்படி இருந்தால் அதன்படிதான் பட்ஜெட் போட வேண்டும். கைட்லைனில் இல்லாமல் "சட்டம்" என்று வாய்மொழியாகச் சொன்னால் மட்டும், இது கொள்கையா விதியா என்று மரியாதையாக ஒரு மெயிலில் கேளுங்கள். ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தையும் நிர்வாகத்தில் சேர்த்து வெட்டும்போது இந்தக் கேள்விக்குப் பலன் இருக்கும். அவர் தினமும் மையங்களில் இருந்து திட்டத்தை நடத்துபவர் என்று வேலை விவரத்தில் தெளிவாக எழுதியிருந்தால் அந்த வரி பிழைத்துவிடும்.

ஜூன்ல ஸ்கூல் திறக்குது, ஒப்பந்தம் ஆகஸ்ட்லதான் கையெழுத்தாகும் போல. ஜூன், ஜூலை சம்பளம்?

கையெழுத்துக்கு முந்தைய செலவு கூடாது என்று இருந்தால் அந்த இரண்டு மாதமும் நம் பணம்தான். இந்த ஆறு ஆசிரியர்களுக்கும் இரண்டு மாதம் 1,08,000. தேதியைப் பின்னுக்கு எழுதிய வவுச்சர்களை யாராவது யோசனையாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வங்கிப் பரிமாற்றத் தேதி காட்டிக்கொடுக்கும். பட்ஜெட்டில் "ஜூன் முதல் மே வரை" என்று எழுதாமல் "முதல் மாதம் முதல் 12ஆம் மாதம் வரை" என்று எழுதுங்கள். ஒப்பந்தம் தள்ளிப்போனாலும் 12 மாதச் செலவு முழுதாகக் கிடைக்கும், அடுத்த கல்வியாண்டின் தொடக்க மாதங்களும் அதில் வந்துவிடும். இந்த வருஷத்துத் தொடக்கத்துக்கு மட்டும் வேறு ஏற்பாடு வேண்டும்.

கைட்லைன்ல ஒரு செலவைப் பத்தி ஒண்ணுமே சொல்லலைன்னா, போட்டுடலாமா?

போடும் முன் கேளுங்கள். ஒருங்கிணைப்பாளர் மூன்று மையங்களுக்கும் போய்வரும் பஸ், ஆட்டோ கட்டணம் மாதிரியான செலவுகள் இப்படித்தான் நடுவில் நிற்கும். கேட்பதற்குக் கடைசித் தேதி என்று ஒன்று பெரும்பாலும் இருக்கும், ப்ரொபோசல் அனுப்பும் தேதிக்கு முன்பே அது முடிந்துவிடும். போனில் கேட்டால் மறுபடி மெயிலில் எழுதி வாங்குங்கள், போனில் பதில் சொன்னவர் அடுத்த மாதம் வேறு வேலைக்குப் போயிருக்கலாம். கேள்வி இவ்வளவு குறிப்பாக இருக்கட்டும்: "கைட்லைனில் பயணச் செலவு பற்றிய விதி இல்லை. ஒருங்கிணைப்பாளர் மையங்களுக்குச் சென்றுவர மாதம் 1,500 ரூபாயை, பயணப் பதிவேட்டின் அடிப்படையில், நேரடித் திட்டச் செலவாகக் காட்டலாமா?" தொகை, ஆதாரம், தலைப்பு மூன்றும் இருந்தால் ஆம், இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும்.

வெளிநாட்டு நிறுவனம் தர்ற நிதின்னா இதே கணக்குதானா?

கூடுதலாக எஃப்சிஆர்ஏ சட்டம் உட்காரும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஒரு நிதியாண்டில் பெறும் வெளிநாட்டு நிதியில் 20 சதவீதத்துக்கு மேல் நிர்வாகத்துக்குச் செலவிடக் கூடாது, முன்பு அது 50 ஆக இருந்தது. நிதி தருபவர் 25 சதவீதம் ஓவர்ஹெட் தருகிறேன் என்றாலும் இந்த 20ஐத் தாண்ட முடியாது. அவர் 12 என்றால் அந்தத் திட்டத்தில் 12தான். அந்தச் சட்டத்தின் விதிகளில் எது நிர்வாகச் செலவு என்று தனிப் பட்டியல் இருக்கிறது. வாடகை, வாகனப் பராமரிப்பு, அறிக்கை எழுதும் செலவு, கணக்குச் செலவு எல்லாம் அதில் வரும், நலப்பணி அமைப்பின் நோக்கத்துக்காக நேரடியாகச் செய்யும் செலவு, பள்ளி ஆசிரியர் சம்பளம் மாதிரி, வராது. நிதி தருபவர் நேரடி என்று ஒத்துக்கொண்ட வரி சட்டத்தின் கண்ணில் நிர்வாகமாக இருக்கலாம், ஆகவே இரண்டு கணக்கும் தனித்தனியே போட வேண்டும்.

இன்னொன்று, அதே திருத்தத்தில் வெளிநாட்டு நிதியை வேறோர் அமைப்புக்கு மாற்றிக்கொடுப்பதே தடைசெய்யப்பட்டது. "கூட்டாளி அமைப்புக்கு மானியம்" என்ற வரி வரைவில் இருந்தால், நிதி தருபவரின் கைட்லைன் அதை வரவேற்றாலும், எடுத்துவிடுங்கள்.

தேர்வான பிறகு ஒரு தலைப்பில் மிஞ்சினா இன்னொண்ணுக்கு மாத்திக்கலாமா?

மாதிரி ஒப்பந்தத்தில் எவ்வளவு சதவீதம் வரை நாமே மாற்றலாம் என்று இருக்கும், அதற்கு மேல் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். புத்தகத்தில் மிஞ்சியதை ஆசிரியர் சம்பளத்துக்கு மாற்றுவது பெரும்பாலும் சிக்கலில்லாதது. டேப்லெட்டுக்கோ நிர்வாகத்துக்கோ மாற்றினால் வரம்பு மறுபடி குறுக்கே வரும். இந்த பட்ஜெட்டில் நிர்வாகம் தன் வரம்பை முழுதாகத் தொட்டு நிற்கிறது, அதற்குள் இனி ஒரு ரூபாயும் நகர்த்த முடியாது. அதோடு, நேரடிச் செலவு ஆண்டு முடிவில் 17,25,000க்குப் பதில் 16,00,000 ஆகிவிட்டால், நிர்வாகத்துக்குக் கிடைப்பதும் 1,60,000ஆகக் குறையும். அதைப் பத்தாவது மாதத்திலேயே கணக்காளர் பார்த்துச் சொல்லிவிட்டால், மிச்ச மாதங்களின் போன், அலுவலகச் செலவைப் பொது நிதிக்குத் திருப்ப நேரம் இருக்கும்.